ஓயாமல் வரும் காற்று அளவீடுகளில் மிகப் பெரிய பத்தை மட்டும் வைத்துக்கொள்வது எப்படி?

ஆரல்வாய்மொழி மாடி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் நாகர்கோவிலில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீடு ஆரல்வாய்மொழியில் இருக்கிறது. மொட்டை மாடியில் ஒரு காற்றுவேகமானியைப் பொருத்தி, அதை ஒரு ராஸ்ப்பெரி பையுடன் இணைத்திருக்கிறேன். வினாடிக்கு ஓர் அளவீடு வருகிறது. இந்தப் பருவம் முழுவதிலும் பதிவான மிக உயர்ந்த பத்து வேகங்களும் அவை பதிவான நேரமும் திரையில் எப்போதும் தெரிய வேண்டும் என்பதுதான் என் தேவை.

இதுவரை வந்த அளவீடுகள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் சேர்த்து, ஒவ்வொரு வினாடியும் `sorted(readings, reverse=True)[:10]` என்று எடுத்து வந்தேன். முதல் இரண்டு நாள்கள் எந்தச் சிக்கலும் இல்லை. பத்து நாள்கள் ஆனபோது வரிசைப்படுத்தி முடிப்பதற்குள் அடுத்த அளவீடு வந்துவிடுகிறது. சில வினாடிகள் பதிவாகாமலே போகின்றன. பட்டியலில் இப்போது 8,64,000 உருப்படிகள் இருக்கின்றன. இதற்கு ஹீப் என்னும் தரவு அமைப்பு பயன்படும் என்று வகுப்பில் கேட்ட நினைவு இருக்கிறது, ஆனால் எந்த ஹீப், எப்படி என்பது தெளிவாக இல்லை.

தக்கலை நிரலர்

உங்களுக்கு வேண்டியது மிகப் பெரிய எண்கள்; ஆகவே பெரியதை உச்சியில் வைக்கும் மேக்ஸ் ஹீப்தான் பொருத்தம். பைத்தானின் `heapq` சிறியதைத்தான் உச்சியில் வைக்கும் என்பதால், ஒவ்வொரு வேகத்தையும் எதிர்மமாக்கி உள்ளே போடுங்கள், பத்து முறை எடுங்கள், வேலை முடிந்தது.

பார்வதிபுரம்

தக்கலை நண்பர் சொல்வது தவறில்லை, ஆனால் அது இந்தக் கேள்விக்கு உரிய விடை இல்லை. எல்லா அளவீடுகளும் மேக்ஸ் ஹீப்பில் இருந்தால் பத்து முறை எடுத்துப் பத்துப் பெரியவற்றைப் பெறலாம் என்பது உண்மை. ஆனால் எட்டரை லட்சம் உருப்படிகளும் நினைவகத்தில் அப்படியே இருக்க வேண்டும், நாளை இன்னொரு 86,400 சேரும். பத்து இடங்கள் மட்டுமே உள்ள மேக்ஸ் ஹீப்பை வைத்துக்கொண்டாலோ வேறொரு சிக்கல் வருகிறது: புதிதாக ஒன்று வரும்போது யாரை வெளியேற்றுவது என்று அதற்குத் தெரியாது, ஏனெனில் அதன் உச்சியில் இருப்பவர் பத்துப் பேரில் கடைசியாகத்தான் வெளியேற வேண்டியவர்.

தங்கச்சி, கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். புதிய அளவீடு வந்ததும் நாம் கேட்க வேண்டியது “இதுவரை பெரியது எது?” என்பதல்ல, “இப்போது கையில் இருக்கும் பத்தில் மிகவும் எளியது எது, வந்தது அதை வெல்கிறதா?” என்பதுதான். அந்த எளியதை உச்சியில் வைத்திருப்பது மின் ஹீப். (நம் ஊர்ப் பக்கம் இதை எழுதும்போது காற்றாலைக்காரர்கள் மின்சாரம் என்று படித்துவிடுகிறார்கள், சிறியது உச்சியில் இருக்கும் ஹீப் என்றுதான் பொருள்.) பெரியவற்றைக் காக்கச் சிறியதை வாசலில் நிறுத்துகிறோம்.

நான்கு இடங்களை வைத்துக் கையால் செய்து பார்ப்போம். வேகங்கள், வினாடிக்கு மீட்டரில், இந்த வரிசையில் வருகின்றன: 11.2, 9.8, 12.5, 10.1, 9.5, 13.0, 10.0, 11.9.

முதல் நான்கும் கேள்வியின்றி உள்ளே போகும். ஒவ்வொன்றாகச் சேர்த்தால் ஹீப் `[9.8, 10.1, 12.5, 11.2]` என்று அமையும். இது வரிசைப்படுத்திய பட்டியல் அல்ல என்பதைக் கவனியுங்கள். உச்சி சிறியது, ஒவ்வொரு பெற்றோரும் தன் பிள்ளைகளைவிடப் பெரியவர் அல்லர், அவ்வளவுதான் உறுதி. அடுத்து வரும் 9.5 உச்சியில் உள்ள 9.8-ஐ வெல்லவில்லை, ஒரே ஓர் ஒப்பீட்டோடு அது கழிந்தது. 13.0 வெல்கிறது. 9.8-ஐ அகற்றி அந்த இடத்தில் 13.0-ஐ வைக்கிறோம், அதன் பிள்ளைகள் 10.1, 12.5 ஆகியவற்றில் சிறியதான 10.1 மேலே வர, 13.0 கீழே இறங்குகிறது. அங்கே அதன் பிள்ளையான 11.2-உம் சிறியது, ஆகவே இன்னொரு படி இறங்கி, `[10.1, 11.2, 12.5, 13.0]` ஆகிறது. இப்போது 10.0 வருகிறது. இரண்டு வினாடிகளுக்கு முன்பு வந்திருந்தால் அது உள்ளே நுழைந்திருக்கும். இப்போது வாசல் 10.1 என்று உயர்ந்துவிட்டதால் நுழைய முடியாது. கடைசியில் 11.9 வந்து 10.1-ஐ வெளியேற்றி, ஒரு படி இறங்கி நிற்க, `[11.2, 11.9, 12.5, 13.0]` மிஞ்சுகிறது. எட்டையும் வரிசைப்படுத்தினாலும் இதே நான்குதான் கிடைக்கும்.

வாசல் உயருமே தவிர ஒருபோதும் தாழாது. கழித்த எதையும் திரும்பத் தேட வேண்டிய நிலை வராமல் காப்பது இதுதான்.

```python
import heapq

def add(h, k, speed, t):
    if len(h) < k:
        heapq.heappush(h, (speed, t))
    elif speed > h[0][0]:
        heapq.heapreplace(h, (speed, t))
```

`heapreplace` உச்சியை முதலில் எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போடும். ஆகவே `elif` நிபந்தனையை விட்டுவிட்டு அதை நேரடியாக அழைத்தால், 9.5 வந்து 9.8-ஐத் தள்ளிவிட்டு உள்ளே உட்கார்ந்துவிடும். திரையில் காட்டும்போது மட்டும் பத்தையும் `sorted(h, reverse=True)` என்று வரிசைப்படுத்துங்கள். பத்தை வரிசைப்படுத்துவது ஒரு செலவே இல்லை.

குளச்சல் ஏலம்

என் வேலையும் ஏறக்குறைய இதுதான் என்பதால் கேட்கிறேன். துறைமுகத்தில் மீன் ஏலக் கணக்கை நான் கணினியில் ஏற்றுகிறேன். நாள் முழுவதும் ஒவ்வோர் ஏலமும் முடியும்போது வியாபாரியின் பெயரும் தொகையும் வரும். அன்று மொத்தமாக அதிகம் வாங்கிய ஐந்து வியாபாரிகளைக் காட்ட வேண்டும். ஐந்து இடங்கள் உள்ள இதே ஹீப்பை வைத்தேன். ஒரே வியாபாரியின் பெயர் மூன்று முறை வருகிறது. எங்கே தவறு?

பார்வதிபுரம்

ஐயா, அது வேறு கேள்வி. காற்றின் அளவீடு ஒருமுறை வந்தால் அதன் மதிப்பு மாறாது. உங்கள் வியாபாரியின் மொத்தம் ஒவ்வோர் ஏலத்திலும் வளர்கிறது. காலையில் வாசலுக்கு வெளியே நின்ற சிறு வியாபாரி மாலைக்குள் முதலிடத்துக்கு வரலாம். ஆனால் அவருடைய காலைக் கணக்கை ஹீப் அப்போதே கைவிட்டிருக்கும். வியாபாரிகள் சில நூறு பேர்தானே இருப்பார்கள்? பெயருக்கு எதிரே மொத்தத்தை ஓர் அகராதியில் கூட்டிக்கொண்டே வந்து, காட்டும் நேரத்தில் மட்டும் `heapq.nlargest(5, totals.items(), key=lambda p: p[1])` என்று எடுங்கள். பெயர்களே கோடிக்கணக்கில் இருந்து, அகராதியும் நினைவகத்தில் கொள்ளாது என்னும் நிலைக்குத்தான் 1982-இல் மிஸ்ராவும் கிரீஸும் தந்த முறையைப் போன்ற தோராயக் கணக்குகள் வேண்டும். உங்களுக்கு அவை தேவையில்லை.

ஆரல்வாய்மொழி மாடி

மிக்க நன்றி அண்ணா. மாற்றி எழுதிவிட்டேன், அளவீடுகள் இப்போது தவறுவதில்லை. செலவைப் பற்றி ஒரு சந்தேகம். எங்கள் குறிப்பேட்டில் n அளவீடுகளுக்கும் k இடங்களுக்கும் O(n log k) என்று இருக்கிறது. அப்படியானால் ஒவ்வோர் அளவீட்டுக்கும் log k செலவாகிறது என்றுதானே பொருள்? நீங்கள் காட்டிய எடுத்துக்காட்டில் ஹீப் நிரம்பியபின் வந்தவற்றில் பாதி ஒரே ஒப்பீட்டில் கழிந்துவிட்டனவே.

பார்வதிபுரம்

குறிப்பேட்டில் இருப்பது மேல்வரம்பு. அது பொய் இல்லை. ஆனால் உங்கள் மாடியில் நடப்பதை அது சொல்லவில்லை.

பத்து இடங்கள் உள்ள ஹீப்பில் உச்சியிலிருந்து அடிவரை மூன்று படிகள். ஒவ்வொரு படியிலும் இரண்டு பிள்ளைகளில் சிறியது எது என்று ஓர் ஒப்பீடும், அதோடு நம் எண்ணை ஒப்பிடுவதற்கு இன்னொன்றுமாக, ஒரு மாற்றத்துக்கு அதிகபட்சம் 6 ஒப்பீடுகள். வாசலில் நடக்கும் ஒன்றைச் சேர்த்தால் 7. ஒவ்வோர் அளவீடும் முந்தையதைவிடப் பெரியதாகவே வந்துகொண்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் 7 வரை செலவாகும்; பத்து நாள்களுக்கு அதிகபட்சம் ஏறக்குறைய 60.5 லட்சம். அதே அளவீடுகளை ஒரே ஒரு முறை முழுமையாக வரிசைப்படுத்தவே 1.7 கோடி ஒப்பீடுகள் அளவில் ஆகும். நீங்களோ அதை வினாடிதோறும் செய்துகொண்டிருந்தீர்கள்.

அளவீடுகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் கலந்து வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆயிரமாவது அளவீடு வருகிறது. அது உள்ளே நுழைய வேண்டுமானால், இதுவரை வந்த ஆயிரத்தில் முதல் பத்துக்குள் இருக்க வேண்டும். ஆயிரம் பேரில் எவருக்கும் அந்த இடம் கிடைக்க ஒரே அளவு வாய்ப்பு என்பதால், இவருக்கு உள்ள வாய்ப்பு 10/1000, அதாவது நூறில் ஒன்று. பத்தாயிரமாவதற்கு ஆயிரத்தில் ஒன்று. இப்படிப் பதினொன்றாவதிலிருந்து கடைசி வரை 10/11 + 10/12 + 10/13 … என்று கூட்டினால் மொத்த மாற்றங்கள் எத்தனை என்று எதிர்பார்க்கலாம். அது ஏறத்தாழ `k * ln(n/k)`.

உங்கள் முதல் நாளின் 86,400 அளவீடுகளுக்கு இது சுமார் 90 மாற்றங்கள். பத்து நாள்களுக்கும் சேர்த்து எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? சுமார் 113. அடுத்த ஒன்பது நாள்களும் சேர்ந்து வெறும் 23 மாற்றங்களைத்தான் கொண்டுவருகின்றன. மீதமுள்ள அளவீடுகள் அனைத்தும் வாசலில் ஒரே ஒப்பீட்டோடு திரும்பிவிடுகின்றன. உண்மையான செலவு n ஒப்பீடுகள். ஹீப்பைச் சரிசெய்யும் வேலை அதன் மேல் தூவிய உப்பு.

தக்கலை நிரலர்

அப்படியானால் ஹீப் எதற்கு? என் முதல் பதில் பொருந்தவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாற்றங்கள் நூறுதான் என்றால், பத்து இடங்கள் உள்ள சாதாரண வரிசைப்பட்டியலை வைத்து, புதியதை உரிய இடத்தில் செருகிக் கடைசியைத் தள்ளிவிட்டால் போதுமே. நிரலும் எளிது, திரையில் காட்டத் தனியாக வரிசைப்படுத்தவும் வேண்டாம். எத்தனை இடங்கள் என்றாலும் இதுவே போதும் என்பது என் கருத்து.

பார்வதிபுரம்

பத்து இடங்களுக்கு நீங்கள் சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன். இரண்டுக்கும் வேறுபாட்டை அளந்து காட்டுவதே கடினம். “எத்தனை இடங்கள் என்றாலும்” என்பதில்தான் உடன்பாடு இல்லை. 10,000 இடங்கள் வேண்டும், முப்பது நாள் அளவீடுகள், அதாவது 25,92,000 வருகின்றன என்று கொள்ளுங்கள். மாற்றங்கள் சுமார் 55,600. பட்டியலில் செருகும்போது சராசரியாக 5,000 உருப்படிகளை ஓரிடம் நகர்த்த வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 27.8 கோடி நகர்த்தல்கள். ஹீப்பில் பதின்மூன்று படிகள், ஒரு மாற்றத்துக்கு 26 ஒப்பீடுகள் என்று மேல்வரம்பிலேயே வைத்தாலும் 14.5 லட்சத்துக்குள் முடிந்துவிடும்.

தக்கலை நிரலர்

எண்ணிக்கையில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அடுத்தடுத்து இருக்கும் நினைவக இடங்களை மொத்தமாக நகர்த்துவது செயலிக்கு மிகவும் மலிவான வேலை. பைத்தானில் ஓர் ஒப்பீட்டை எழுதி ஓட்டுவதோடு அதை ஒன்றுக்கொன்று சமமாக வைக்க முடியாது. அளந்து பார்க்காமல் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பார்வதிபுரம்

நியாயம். ஒரு நகர்த்தலும் ஓர் ஒப்பீடும் ஒரே விலை இல்லை, அளந்துவிட்டு எழுதுங்கள். அளக்கும்போது மூன்றாவது ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 20,000 இடங்கள் உள்ள வெறும் தொட்டி ஒன்றில் வாசலை வென்றவர்களை ஒழுங்கின்றிப் போட்டுவைத்து, நிரம்பியதும் தேர்வு முறையால் பெரிய 10,000-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டிவிடுவது. வாசல் அப்போதுதான் உயரும் என்பதால் தேவையற்ற சிலரும் இடையில் உள்ளே வருவார்கள். ஆனால் ஒருவருக்கான சராசரிச் செலவு மாறிலி அளவில் நின்றுவிடும்.

ஆரல்வாய்மொழி மாடி

மாற்றங்களை எண்ண ஒரு மாறியைச் சேர்த்து, புதிதாகத் தொடங்கி ஒரு நாள் ஓட்டினேன். 90 வரவில்லை, 640 வந்தது. நான் எங்கேனும் தவறு செய்துவிட்டேனா?

முப்பந்தல் பணியாளர்

தவறு இல்லை, அம்மா. நான் காற்றாலைப் பராமரிப்பில் இருப்பவன். நிரல் அவ்வளவாகத் தெரியாது, காற்று தெரியும். மேலே சொன்ன கணக்கு, அளவீடுகள் சீட்டுக்கட்டுப்போலக் கலைந்து வரும் என்று எடுத்துக்கொள்கிறது. கணவாய்க் காற்று அப்படி வராது. நள்ளிரவில் தொடங்கினீர்கள் என்றால், விடிந்து வெயில் ஏறும்போது வேகமும் கூடவே ஏறும். அந்த நேரமெல்லாம் புதியது பழையதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதோடு ஒரு வீச்சு வந்தால் ஒரு வினாடியில் வந்து போகாது, அடுத்தடுத்த பல வினாடிகள் சேர்ந்தே உயர்ந்து நிற்கும்.

இன்னொன்று. எங்கள் இடத்தில் இப்படி ஒரு பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் காலை ஆறு மணிக்குப் பிறகு அது அசையவே இல்லை. வெளியே நிற்க முடியாத காற்று, பட்டியலிலோ காலையில் கண்ட பத்தும் அப்படியே நின்றன. கருவியின் கம்பி முனை தளர்ந்திருந்தது என்று பிறகு கண்டுபிடித்தோம், ஆனால் கம்பியை இறுக்கிய பிறகும் பட்டியல் அசையவில்லை. நிரலை மறுபடி தொடங்கிய பிறகுதான் சரியானது. அது ஏன் என்று இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை.

பார்வதிபுரம்

முதலில் 640. அது மேல்வரம்பை உடைக்கவில்லை, கலைந்த வரிசை என்னும் அனுமானத்தைத்தான் உடைத்தது. 640 மாற்றங்களுக்கு 6 வீதம் 3,840 கூடுதல் ஒப்பீடுகள். வாசலில் எப்படியும் நடக்கும் 86,390 ஒப்பீடுகளுக்கு முன்னால் அது ஐந்து விழுக்காடுகூட இல்லை. கவலை வேண்டாம்.

முப்பந்தல் ஐயாவின் பட்டியல் உறைந்துபோனதற்குக் காரணம் பெரும்பாலும் `nan`, அதாவது ‘எண் அல்ல’ என்னும் மதிப்பு. கம்பி தளர்ந்தபோது கருவி எண்ணுக்குப் பதிலாக அதை அனுப்பியிருக்கும். `nan` உடன் எதை ஒப்பிட்டாலும், பெரியதா என்றாலும் சிறியதா என்றாலும், விடை `False`தான். நிரல் தொடங்கியதும் வந்த முதல் அளவீடே `nan` என்றால் அது உச்சியில் உட்காரும்; பிறகு சேரும் எதுவும் அதைவிடச் சிறியது இல்லை என்பதால் அங்கேயே இருக்கும். பத்தும் நிரம்பியபின் `speed > nan` என்ற கேள்விக்கு எந்தப் புயலும் ஆம் என்ற விடையைப் பெறாது. கம்பியைச் சரிசெய்தாலும் உள்ளே உட்கார்ந்தது எழுந்து போகாது. முதல் பத்துக்குள் இடையில் வந்து ஹீப்பின் அடியில் ஒட்டிக்கொண்டாலும் ஆபத்துதான். மேலே உள்ளவை வெளியேற வெளியேற அது ஒருநாள் உச்சிக்கு வரலாம்.

நிபந்தனையை `speed <= h[0][0]` என்றால் விட்டுவிடு என்று திருப்பி எழுதுபவர்களுக்கு நேரெதிரான நோய் வரும்: ஒவ்வொரு `nan`-உம் அந்தத் தடையைத் தாண்டி, நல்ல அளவீடு ஒன்றைத் தள்ளிவிட்டு உள்ளே வரும். ஆகவே `add`-இன் முதல் வரியாக இதைச் சேருங்கள்:

```python
    if speed != speed:
        return
```

தனக்குத்தானே சமமாக இல்லாத எண் அது ஒன்றுதான்.

ஆரல்வாய்மொழி மாடி

சேர்த்துவிட்டேன். ஆனால் இப்போது திரையைப் பார்த்ததும் வேறொரு ஏமாற்றம். பத்தில் ஏழு வேகங்கள் பிற்பகல் 2:14-க்குப் பதினைந்து வினாடிகளுக்குள் பதிவானவை; மீதி மூன்றும் இன்னொரு வீச்சிலிருந்து. பத்து பெரிய வீச்சுகளைக் காட்டுவதாக நினைத்தேன், இரண்டைத்தான் காட்டுகிறேன்.

முப்பந்தல் பணியாளர்

அதைத்தான் மேலே சொல்ல வந்தேன். வானிலைத் துறையினர் சராசரிக் காற்றைப் பத்து நிமிடங்களுக்கு எடுப்பார்கள், வீச்சை மூன்று வினாடிச் சராசரியாக எடுப்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு உச்ச வீச்சை மட்டும் அனுப்பிப் பாருங்கள்.

தக்கலை நிரலர்

பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 144. இதற்கு ஹீப்பும் வேண்டாம், என் பட்டியலும் வேண்டாம். ஒரு தாளும் பென்சிலும் போதும்.

பார்வதிபுரம்

பருவம் முழுவதற்கும் ஓடப்போகிறது என்பதால் ஹீப்பை எடுக்க வேண்டாம். அது இருப்பதால் இழப்பு ஒன்றும் இல்லை. எனக்குள்ள தயக்கம் எல்லையில்தான். 2:19:58-க்கு எழும் வீச்சு 2:20:05 வரை நீடித்தால், இரண்டு கட்டங்களிலும் அதே வீச்சு உச்சமாகப் பதிவாகும். அதற்கு மாற்றாக, வேகம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே அறுபது வினாடிகள் தொடர்ந்து இருந்தால்தான் வீச்சு முடிந்தது என்று கொண்டு, அதுவரை கண்ட உச்சத்தை மட்டும் ஹீப்புக்கு அனுப்பலாம். அந்தக் குறிப்பிட்ட அளவு எது என்பதை நிரல் சொல்லாது.

முப்பந்தல் பணியாளர்

ஆனியில் ஒன்று வைத்தால் ஐப்பசிக்கு அது பொருந்தாது. ஆடி மாதத்தில் நாள் முழுக்க அந்த அளவுக்குக் கீழே இறங்காமலும் போகலாம். அப்போது ஒரு நாளுக்கே ஒரு வீச்சுதான் உங்கள் கணக்கில் வரும்.

ஆரல்வாய்மொழி மாடி

இரண்டையும் இரு தனி ஹீப்புகளில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். பத்துப் பத்து இடங்கள்தானே. ஆடி முடிந்ததும் இரண்டு பட்டியல்களையும் இங்கே இடுகிறேன்.